ஒரே பயிற்சியாளர், 24 பிள்ளைகள், ஐந்து நாள்: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விடுமுறை விளையாட்டு முகாம் நடத்துவது எப்படி

ஆறு வயதுப் பிள்ளையும் பதினான்கு வயதுப் பிள்ளையும் ஒரே மைதானத்தில் நிற்க, சொல்லித்தர ஒரே ஒருவர் இருந்தால், முதலில் திட்டமிட வேண்டியது விளையாட்டை அல்ல. அந்த ஒருவர் எங்கே நிற்பார், அங்கிருந்து அவர் கண்ணுக்கு என்னென்ன தெரியும் என்பதைத்தான். வயதுக்கு ஒன்றாக மூன்று முகாம்களை ஒரே ஆள் ஒரே நேரத்தில் நடத்த முடியாது. மூன்று கூட்டமும் அவர் பார்வைக்குள் இருக்கும்படி ஒரு முகாமை நடத்த முடியும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஓர் ஏற்பாட்டைப் பற்றியதுதான்.

உதாரணத்துக்கு ஒரு முகாமை எடுத்துக்கொள்வோம். இடம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பள்ளி மைதானம். காலம் கிறிஸ்துமஸ் விடுமுறை, டிசம்பர் 26 முதல் 30 வரை. காலை 7.15 முதல் 10 மணி வரை. ஏப்ரல், மே மாதங்களில் பாலக்காட்டு வெயில் பிள்ளைகளை வாட்டிவிடும். ஓணம் விடுமுறையில் மழையை நம்ப முடியாது. டிசம்பரில் வெயில் இதமாக இருக்கும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அதையும் கணக்கில் எடுத்துத்தான் மைதானத்தைப் பிரிக்க வேண்டும்.

பிள்ளைகள் 24 பேர். 6 முதல் 8 வயது வரை ஒன்பது பேர், 9 முதல் 11 வரை எட்டுப் பேர், 12 முதல் 14 வரை ஏழு பேர். இவர்களைச் சிறியவர், நடுத்தரவர், பெரியவர் என்றெல்லாம் கூப்பிட வேண்டாம். சிறியவர் என்ற பேரைக் கேட்டதும் எட்டு வயதுக்காரன் முகம் சுருங்கிவிடும். மணிக்கட்டில் கட்டும் துணி நாடாவின் நிறமே பெயராகட்டும்: மஞ்சள், பச்சை, சிவப்பு.

பிள்ளைகளைச் சேர்க்கும்போதே கேட்க வேண்டியவை

விண்ணப்பத்தாள் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வயது, பள்ளி, இரண்டு தொலைபேசி எண்கள், பிள்ளையை அழைத்துப்போக வருபவரின் பெயர், ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உண்டா என்ற கேள்வி. இவை போதும். விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்திருக்கும் பொள்ளாச்சி, கோவைப் பிள்ளைகளும் சேர்வார்கள். அவர்களுடைய பெற்றோர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதால், அவசரத்துக்கு முடிவெடுக்கக்கூடிய ஒருவரின் எண் இங்கேயே, கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இந்த மாதத்துக்கே உரிய ஒரு செய்தி உண்டு. "மாலை போட்டிருக்கிறான் மாஸ்டர், செருப்பு, ஷூ எதுவும் போட மாட்டான்" என்று ஒரு அம்மா சொல்வார். மண்டல பூஜைக் காலத்தில் அப்பாவோடு சபரிமலைக்குப் போகும் பையன்கள் வெறுங்காலோடுதான் வருவார்கள். அவர்களை வற்புறுத்தக் கூடாது. ஒதுக்கியும் வைக்கக் கூடாது. மைதானத்தை வெறுங்காலுக்கு ஏற்றதாக்குவது நம் வேலை. முந்தைய நாள் மாலை இரண்டு பேர் கை எட்டும் இடைவெளியில் நடந்து, நெருஞ்சி முள், உடைந்த கண்ணாடி, வேலிக்கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். மறுநாள் காலை, பிள்ளைகள் வருமுன் மறுபடியும் ஒருமுறை. வெறுங்கால் பிள்ளைகளும் ஷூ போட்டவர்களும் ஒரே ஆட்டத்தில் இருந்தால் மிதிபடுவது வெறுங்கால்தான். அதனால் ஆணி வைத்த ஷூக்களுக்கு ஐந்து நாளும் அனுமதி இல்லை.

இரண்டாவது பெரியவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவருக்கு விளையாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைகள் இருந்தால் அவர் பெண்ணாக இருப்பது நல்லது. ஒரு பிள்ளை கழிப்பறைக்குப் போக வேண்டும், ஒரு பிள்ளை வாந்தி எடுக்கிறது, வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்றால் பயிற்சியாளர் மைதானத்தை விட்டு நகரக் கூடாது. எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவருடன் தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது என்ற விதியை முதல் நாளே பெற்றோர் முன்னிலையில் சொல்லிவிடுங்கள். இந்த இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை என்றால் முகாமைத் தள்ளிவைப்பதே சரி. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

மைதானத்தைப் பிரிப்பது

டிசம்பர் கடைசியில் காலைச் சூரியன் தென்கிழக்கில் தாழ்வாக நிற்கும். காற்று கிழக்கிலிருந்து வரும். கிழக்கே பார்த்து நிற்கும் பிள்ளைக்குக் கண்ணில் வெயிலும் விழும், தூசியும் விழும். வருகிற பந்தும் தெரியாது. எனவே பயிற்சியாளர் மைதானத்தின் வடக்கு ஓரத்தில், சுவருக்கோ வேலிக்கோ முதுகைக் கொடுத்து நிற்பது நல்லது. அவரைப் பார்க்கும் பிள்ளைகள் வடக்கே பார்ப்பார்கள், கண் கூசாது. அவருக்குப் பின்னால் யாரும் போக முடியாது. முன்னால் மைதானம் முழுவதும் தெரியும். குரல் காற்றோடு மேற்கே நகர்வதால் பிள்ளைகளைத் தமக்குக் கொஞ்சம் மேற்குப் பக்கமாக உட்காரவைத்தால், கத்தாமலே பேச்சு கேட்கும்.

அவர் காலடியில் இருப்பது கற்கும் இடம். புதியது எதுவும் அங்கேதான் சொல்லித்தரப்படும். நேர் எதிரே, முப்பது மீட்டருக்குள், பழகும் இடம். முந்தைய நாள் கற்றதைப் பிள்ளைகள் தாங்களே அங்கே திரும்பச் செய்வார்கள். மூன்றாவது, மரநிழலில் ஓய்விடம். தண்ணீர், முதலுதவிப் பெட்டி, பிள்ளைகளின் பைகள், இரண்டாவது பெரியவர் எல்லாம் அங்கே. அங்கிருந்து வாசல் தெரிய வேண்டும்.

பழகும் இடத்தில் எறிதல் கிடையாது, உயரத்திலிருந்து குதித்தல் கிடையாது, பிடித்து இழுக்கும் ஆட்டம் கிடையாது, அன்றுதான் முதன்முதலாகச் செய்வது எதுவும் கிடையாது. பயிற்சியாளரின் கண் பாதி நேரம் வேறிடத்தில் இருக்கும்போது நடந்தாலும் பாதகமில்லை என்று சொல்லத்தக்கவை மட்டுமே அங்கே. பாண்டிக் கட்டம், கயிறு தாண்டுதல், வளைந்து வளைந்து ஓடித் திரும்பும் தொடர் ஓட்டம் போன்றவை பொருந்தும்.

கோடு போடச் சுண்ணாம்புத் தூளைக் காலையில் தூவாதீர்கள். இந்தக் காற்றுக்கு அது நேராகக் கண்ணுக்குள் போகும். சுண்ணாம்பு கண்ணைப் புண்ணாக்கும். முந்தைய மாலை தண்ணீரில் கரைத்து, ஓட்டை போட்ட டின்னால் ஊற்றிக் கோடு இழுத்தால் காலைக்குள் காய்ந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அடையாளத்துக்குச் செங்கல், கல் வைக்க வேண்டாம். கோன் இல்லையென்றால் காய்ந்த தேங்காய் மட்டை போதும். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை, விழுந்தாலும் பெரிய காயமாகாது.

ஒரு காலைப் பொழுது

7.15 முதல் வருகைப் பதிவு. 7.30க்கு எல்லோரும் சேர்ந்து உடலைச் சூடாக்கும் தொட்டு விளையாட்டு, இருபது நிமிடம். 7.50 முதல் 8.50 வரை மூன்று சுற்று. சுற்றுக்குப் பதினைந்து நிமிடம், இடம் மாறவும் தண்ணீர் குடிக்கவும் ஐந்து நிமிடம். பிறகு இருபது நிமிடச் சிற்றுண்டி. 9.10 முதல் 9.45 வரை எல்லா வயதும் கலந்த ஆட்டம். கடைசிக் கால்மணி நேரம் மெல்ல நடந்து, உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையையும் உரியவரிடம் ஒப்படைப்பது.

மூன்று சுற்றின் வரிசை முக்கியம். முதல் சுற்றில் மஞ்சள் நாடாப் பிள்ளைகள் கற்கும் இடத்துக்கு வரட்டும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளின் கவனம் காலையில் முதல் அரைமணி நேரம்தான் முழுதாகக் கிடைக்கும். அப்போது பச்சை ஓய்விடத்திலும் சிவப்பு பழகும் இடத்திலும் இருக்கும். இரண்டாவது சுற்றில் மஞ்சள் ஓய்வெடுக்க, பச்சை பழக, சிவப்பு கற்கும். மூன்றாவதில் மஞ்சள் பழக, பச்சை கற்க, சிவப்பு ஓய்வெடுக்கும். நகர்வது பிள்ளைகள்; பயிற்சியாளர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

ஓய்விடத்தைச் சும்மா உட்காரும் இடமாக விட்டால் பதினைந்து நிமிடத்தில் சண்டை வந்துவிடும். அங்கே ஒரு நோட்டில் தன் தாண்டலை எழுதுவது, கயிறு முடிச்சுப் போடுவது, அடுத்த ஆட்டத்துக்கான புள்ளிப் பலகை தயாரிப்பது போன்ற கை வேலை இருக்கட்டும்.

சிற்றுண்டிக்கு அவித்த நேந்திரம்பழமும் மோரும் போதும். கடலைமிட்டாய் கொடுப்பதானால் நிலக்கடலை ஒவ்வாமைக்காக விண்ணப்பத்தாளை மறுபடி பாருங்கள். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது. உதடு வெடிக்கும், சிறுநீர் மஞ்சளாகப் போகும். கேட்டால் கொடுப்பது என்றில்லாமல், இடம் மாறும் ஒவ்வொரு முறையும் எல்லோரும் குடித்தாக வேண்டும்.

ஒரே பாடம், மூன்று வயது

முதல் நாள் பாடமாகக் குதித்துத் தரையிறங்குவதை எடுத்துக்கொள்வது நல்லது. நீளம் தாண்டுதலில் நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவந்த முரளி ஸ்ரீசங்கர் பாலக்காட்டுக்காரர் என்பதால், இங்குள்ள பிள்ளைகளுக்குத் தாண்டுவதில் தனி ஆசை உண்டு. ஆனால் பயிற்சியாளர் பார்க்க வேண்டியது எவ்வளவு தூரம் தாண்டினார்கள் என்பதை அல்ல, எப்படி இறங்கினார்கள் என்பதை. முழங்காலைக் காப்பாற்றுவது அதுதான்.

மூன்று குழுவுக்கும் பாடம் ஒன்றே. கேட்பது மட்டும் வேறு. மஞ்சளிடம் தரையில் கிடக்கும் கயிறைத் தாண்டி, இறங்கிய இடத்தில் இரண்டு எண்ணும்வரை சிலையாக நிற்கச் சொல்லுங்கள். பச்சையிடம் நின்ற இடத்திலிருந்து கைகளைப் பின்னுக்கு வீசி முன்னே தாண்டி, முழங்கால்கள் பாதத்துக்கு நேராக இருக்கும்படி இறங்கக் கேளுங்கள். சிவப்புக்கு ஓரடி வைத்து ஒற்றைக் காலில் எழும்பி, இரண்டு காலில் இறங்குவது.

எது தப்பாகப் போகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். பாதத்தின் முன்பகுதி முதலில் பட்டு முழங்கால் மடங்கினால் மெல்லிய ஓசைதான் வரும். 'தொப்'பென்று கேட்டால் பிள்ளை குதிகாலில், விறைத்த காலோடு இறங்குகிறது. பயிற்சியாளர் வேறு குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இந்த ஓசை காதில் விழும். எதிரே நின்று பார்த்தால் இன்னொன்று தெரியும்: இறங்கும் கணத்தில் இரண்டு முழங்கால்களும் உள்பக்கம் ஒன்றையொன்று தொடப்போவதுபோல் சாயும். வேகமாக வளரும் பதினொன்று, பன்னிரண்டு வயதில் இதை அதிகம் பார்க்கலாம். "முழங்காலை வெளியே தள்ளு" என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியாது. இரண்டு முழங்கால்களுக்கு இடையே ஒரு பந்து இருக்கிறது, அதை நசுக்காமல் இறங்கு என்று சொன்னால் அடுத்த தாண்டலிலேயே மாற்றம் தெரியும்.

சிவப்புக் குழுவில் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள்: ஒருவருக்கு ஒரு காலைக்கு பன்னிரண்டு முழுத் தாண்டல், அவ்வளவுதான். முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டைத் தொட்டால் வலிக்கிறது என்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை சொன்னால், அது வளரும் எலும்பை மேலே உள்ள தசைநார் இழுப்பதால் வரும் வலியாக இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குத் தாண்டலும் வேக ஓட்டமும் அந்த முகாமில் முடிந்தது; எறிதலிலும் நடுவராகவும் பயன்படுத்திக்கொள்ளலாம். வீட்டிலும் சொல்லிவிட வேண்டும்.

கலந்த ஆட்டம்: கோ கோ

எல்லா வயதும் சேர்ந்து ஆட, கபடி இந்த முகாமுக்கு ஆகாது. நாற்பத்தைந்து கிலோ எடைப் பையன் இருபது கிலோப் பிள்ளையின் மேல் விழுவதை எந்த விதியாலும் தடுக்க முடியாது. கால்பந்தில் பெரியவன் உதைக்கும் பந்து சிறுபிள்ளையின் முகத்துக்கு நேராகப் போகும். கோ கோவில் தொட்டால் போதும். குட்டிப் பிள்ளைகள் வளைந்து நெளிந்து ஓடுவதால் அவர்களும் உண்மையாகவே ஆட்டக்காரர்கள். ஆனால் அப்படியே ஆடினால் மோதல் வரும். சில மாற்றங்கள் வேண்டும்.

இரண்டு அணி, தலா பன்னிரண்டு பேர். மஞ்சள் ஐந்தும் நான்குமாகவும், பச்சை நான்கும் நான்குமாகவும், சிவப்பு மூன்றும் நான்குமாகவும் பிரியும். ஓடுபவர்கள் ஒரு நேரத்தில் மூன்று பேர், மூவரும் ஒரே நிறம். மஞ்சள் ஓடும்போது துரத்தும் அணியில் மஞ்சளும் பச்சையும் மட்டும் உட்காரும். சிவப்பு வெளியே நின்று புள்ளி எழுதும். சிவப்பு ஓடும்போது பச்சையும் சிவப்பும் உட்காரும், மஞ்சள் வெளியே. வழக்கமாக எட்டுப் பேர் உட்கார, ஒருவர் துரத்துவார். இங்கே ஆறு பேர் உட்கார, ஒருவர் துரத்தினால் எல்லா நிறக் கலவைக்கும் ஆள் சரியாக வரும். மிஞ்சுபவர்கள் பாதியில் மாறிக்கொள்ளட்டும்.

கம்பம் நட வேண்டாம், இரண்டு முனையிலும் வட்டம் போதும். ஆட்டம் மூன்று நிமிடம். தொட்டால் துரத்தும் அணிக்கு ஒரு புள்ளி. தொடப்பட்ட பிள்ளை வெளியேறாமல் தொடர்ந்து ஓடும். இது அவசியம். தொட்டவுடன் வெளியேற்றினால் முதலில் போவது பயந்த பிள்ளை. அதிகம் ஓடிப் பழக வேண்டியதும் அதே பிள்ளை. மூன்று நிறம், இரண்டு அணி, ஆறு ஆட்டம். மாறும் நேரத்தோடு சேர்த்து முப்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

'கோ' கொடுப்பதை ஒருமுறை மெதுவாகச் செய்துகாட்டுங்கள்: உள்ளங்கையால் முதுகில் தொட்டு, சொல்லி, பிறகுதான் உட்கார்ந்தவர் எழ வேண்டும். பிள்ளைகள் ஆர்வத்தில் முதுகில் அடிப்பார்கள். அடித்தால் எதிரணிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் நின்றுவிடும்.

ஐந்து நாளின் ஏற்ற இறக்கம்

முதல் நாள் கற்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் நின்ற இடத்திலிருந்து இரண்டு தாண்டல் அளந்து, நல்லதை எழுதிக்கொள்ளுங்கள். கோட்டிலிருந்து அருகிலுள்ள குதிகால் தடம்வரை அளவு. ஓட்டத்துக்கு நேரம் எடுக்க வேண்டாம். போட்டி ஓட்டங்களிலேயே நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று அடித்தால் சாதனையாக ஏற்பதில்லை. இந்தக் கணவாய்க் காற்றில் முதல் நாளையும் ஐந்தாம் நாளையும் ஒப்பிட்டால் காற்றைத்தான் அளந்திருப்போம்.

அன்றே 'எல்லாம் நில்' பழக்கமும் வேண்டும். மூன்று நீண்ட விசில் கேட்டால் எல்லோரும் இருந்த இடத்தில் உட்கார வேண்டும். பத்து எண்ணுவதற்குள் மைதானம் முழுவதும் உட்காரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒரு பிள்ளை அடிபட்டால் பயிற்சியாளர் அங்கே ஓட முடிவது இந்தப் பழக்கம் இருந்தால்தான். தமிழ்வழி, மலையாளவழிப் பிள்ளைகள் கலந்திருப்பதால் விசிலும் கைச் சைகையுமே நல்லது.

இரண்டாம் நாள் ஓடத் தொடங்குவதும் நின்று திரும்புவதும். மூன்றாம் நாளைக் கால்களுக்கு ஓய்வாக வையுங்கள். முதல் இரண்டு நாள் ஓட்டத்தின் தசைவலி அன்றுதான் தெரியும். கால் இடறுவதும், சின்ன விஷயத்துக்கு அழுவதும், சண்டையும் அன்றுதான் அதிகம். அதனால் அன்று பாடம் எறிதல். டென்னிஸ் பந்து அல்லது சுருட்டிய காலுறை, பயிற்சியாளரின் காலடியில் மட்டும், எல்லோரும் மேற்கு நோக்கி, ஒரே விசிலுக்கு எறிந்து, இன்னொரு விசிலுக்குப் பிறகே எடுக்கப் போவது. நான்காம் நாள்தான் கடினமான நாள்: ஓடி, தாண்டி, எறியும் மூன்றும் சேர்ந்த அணி ஓட்டம்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் வகுப்பறையில் கிடக்கும் பையில் இருக்கக் கூடாது. பெயர் எழுதி, பயிற்சியாளரின் இடுப்புப் பையில் இருக்க வேண்டும். தூசிக் காற்றில் இரண்டு நாள் நன்றாக இருந்த பிள்ளை மூன்றாம் நாள் இருமத் தொடங்கலாம். தலையில் அடிபட்ட பிள்ளை தெம்பாகத் தோன்றினாலும் அன்று ஆட்டம் கிடையாது; வாந்தி, தூக்கக் கலக்கம், குழப்பமான பேச்சு இருந்தால் 108 ஆம்புலன்ஸ். நிரந்தரப் பல் விழுந்துவிட்டால் வேர்ப்பகுதியைத் தொடாமல் எடுத்து, தேய்க்காமல் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோனால் மறுபடி பொருத்த வாய்ப்பு உண்டு. ஓய்விடத்தில் கால் லிட்டர் பால் பாக்கெட் ஒன்று இருக்கட்டும். மிஞ்சினால் தேநீருக்கு ஆகும்.

ஐந்தாம் நாள் மறுபடி தாண்டல் அளவு. முதல் நாள் 98 சென்டிமீட்டர் தாண்டிய ஏழு வயதுப் பிள்ளை 107 தாண்டினால், ஐந்து நாளில் கால் வலுத்துவிட்டது என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். கையை வீசக் கற்றுக்கொண்டது, அதனால் வந்த கூடுதல் என்று சொல்லுங்கள்; அதுதான் உண்மை. 24 பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி முதல், இரண்டாம் பரிசு கொடுக்க வேண்டாம். பதினான்கு வயதுக்காரனுக்கு அது வெற்றி இல்லை; ஆறு வயதுப் பிள்ளைக்கு நியாயமும் இல்லை. ஒவ்வொருவருடைய இரண்டு அளவையும் ஒரு சீட்டில் எழுதி அவரவர் கையில் கொடுங்கள்.

பெற்றோர் வந்து கூடியதும் யார் பிள்ளையை யார் அழைத்துப்போகிறார்கள் என்பது குழம்பும். கடைசி நாளிலும் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிட்டு, விண்ணப்பத்தாளில் எழுதியிருப்பவரிடமே ஒப்படையுங்கள். எல்லோரும் போன பிறகு பதிவேட்டின் பின்பக்கம் மூன்று செய்திகளை எழுதிவையுங்கள்: எந்தச் சுற்றில் சண்டை வந்தது, எந்தப் பாடம் மஞ்சளுக்குப் புரியவில்லை, தண்ணீர் எத்தனை மணிக்குத் தீர்ந்தது. அடுத்த விடுமுறைக்கான திட்டத்தை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.